அச்சேறாத ஆய்வுகளைத் தேடி

ஒரு மருந்து பயன் தருகிறதா என்று உலகெங்கும் பலர் பல காலங்களில் ஆய்வு செய்திருப்பார்கள். அந்த ஆய்வுகள் அனைத்தையும் தேடித் திரட்டி, ஒவ்வொன்றின் தரத்தையும் எடைபோட்டு, முடிவுகளை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட்டு விடை சொல்வதற்கு முறைசார் மதிப்பாய்வு என்று பெயர். சிகிச்சை வழிகாட்டிகளை எழுதுவோரும், அரசுக்கு மருந்து வாங்குவோரும் பெரும்பாலும் இதை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள். இதன் வலிமை முழுவதும் 'அனைத்தையும்' என்ற சொல்லில் இருக்கிறது. நடந்த ஆய்வுகளில் பாதி மட்டும் கையில் கிடைத்தால், கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் விடை பிசகும். அதுவும் எந்தப் பாதி கிடைக்கிறது என்பது தற்செயலாக அமைவதில்லை.

மருந்து வேலை செய்தது என்று காட்டிய ஆய்வு விரைவாக எழுதப்பட்டு இதழுக்குப் போகிறது. வேலை செய்யவில்லை என்று காட்டிய ஆய்வு பல நேரங்களில் எழுதப்படுவதே இல்லை. ஆய்வாளருக்கு ஆர்வம் குறைகிறது, பணம் கொடுத்த நிறுவனத்துக்கு அதை வெளியிடுவதால் லாபம் இல்லை, இதழாசிரியருக்கும் அது புதிய செய்தியாகத் தோன்றுவதில்லை. இப்படி நல்ல முடிவுகள் மட்டும் அதிகமாக அச்சேறுவதால் உண்டாகும் சாய்வை வெளியீட்டுச் சார்பு என்கிறார்கள்.

இந்தச் சாய்வு எவ்வளவு பெரியது என்பதை அளந்து காட்டிய ஆய்வுகளில் எரிக் டர்னரும் உடன் பணியாற்றியவர்களும் 2008-இல் வெளியிட்டது முக்கியமானது. அமெரிக்காவில் ஒரு மருந்தை விற்க அனுமதி கேட்கும் நிறுவனம், தான் நடத்திய ஆய்வுகளின் விவரத்தை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். மனச்சோர்வுக்கான 12 மருந்துகள் பற்றி அந்த அலுவலகக் கோப்புகளில் இருந்த 74 ஆய்வுகளை டர்னர் குழு எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறதா என்று தேடியது. மருந்துக்குச் சாதகம் என்று அதிகாரிகள் முடிவு செய்திருந்த ஆய்வுகள் 38. அவற்றில் 37 அச்சேறியிருந்தன. சாதகம் இல்லை, அல்லது தெளிவில்லை என்று அதிகாரிகள் குறித்தவை 36. அவற்றில் 22 எங்கும் வரவில்லை. 11 ஆய்வுகள் சாதகமானவை போலத் தோன்றும்படி எழுதப்பட்டு வெளிவந்திருந்தன. உள்ளது உள்ளபடி வந்தவை மூன்றே மூன்று. ஆக, இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு நூற்றுக்கு 94 ஆய்வுகள் மருந்துக்கு ஆதரவாகத் தெரியும். கோப்புகளைப் படித்தவருக்கு அது 51 தான்.

இங்கே இரண்டு வகைத் தவறு இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆய்வே காணாமல் போவது. மற்றொன்று, ஆய்வு வெளிவந்தும் அதன் முகம் மாறிப்போவது. அச்சேறாதவற்றைத் தேடுவோர் இரண்டையும் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரே வழி, நடந்த ஆய்வுகளின் பட்டியலை இதழ்களுக்கு வெளியே, முடிவு தெரிவதற்கு முன்பே எழுதப்பட்ட ஓர் ஆவணத்திலிருந்து எடுப்பதுதான். அந்த ஆவணம்தான் ஆய்வுப் பதிவேடு.

இந்த யோசனை பழையது. ஆஸ்திரேலியப் புற்றுநோய் மருத்துவர் ஜான் சைம்ஸ் 1986-இலேயே இதைச் செய்து காட்டினார். முற்றிய சினைப்பைப் புற்றுநோய்க்கு ஒரே மருந்து கொடுப்பதா, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதா என்ற கேள்விக்கு, அச்சான ஆய்வுகளை மட்டும் கூட்டினால் கூட்டு மருந்தே மேல் என்று வந்தது. தொடங்கும்போதே பதிவு செய்யப்பட்ட ஆய்வுகளை மட்டும் கூட்டினால் அந்த வேறுபாடு கரைந்துபோனது. ஆனாலும் பொதுமக்களும் பார்க்கக்கூடிய பெரிய பதிவேடு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் ClinicalTrials.gov 2000-இல் திறக்கப்பட்டது. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்யாத ஆய்வை வெளியிட மாட்டோம் என்று முன்னணி மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு 2004-இல் அறிவித்து, 2005-இலிருந்து நடைமுறைப்படுத்தியது. அதன் பிறகுதான் பதிவுகள் வேகமாகக் குவிந்தன. இலங்கைக்கான பதிவேடு 2006-இலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பதிவேடு 2007-இலும் தொடங்கின. இந்தியாவில் மருந்து ஆய்வுகளைப் பதிவது 2009 ஜூனில் கட்டாயமானது. ஆய்வு தொடங்கிய பிறகு வந்து பதிவதை இந்தியப் பதிவேடு 2018 ஏப்ரலிலிருந்து ஏற்பதில்லை. இவை போன்ற பல நாட்டுப் பதிவேடுகளை ஒரே இடத்தில் தேட உலக சுகாதார நிறுவனம் ICTRP என்ற தளத்தை வைத்திருக்கிறது.

ஒரு பதிவில் இருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆய்வுக்கு ஓர் அடையாள எண், நடத்துபவர், பணம் கொடுப்பவர், எந்த நோய், என்ன மருந்து, எதோடு ஒப்பிடுகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கப்போகிறார்கள், எப்போது தொடங்கி எப்போது முடியும் என்ற விவரங்கள். இவற்றோடு, எந்த அளவை வைத்து வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கப் போகிறார்கள் என்பதும் இருக்கும். இந்தக் கடைசி விவரத்தை முதன்மை விளைவு என்பார்கள். முடிவு தெரியாத நாளில் எழுதிக் கொடுத்த வாக்கு என்பதால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

தேடும் முறையும் இதழ்க் களஞ்சியங்களில் தேடுவதைப் போன்றதல்ல. பப்மெட் போன்ற களஞ்சியத்தில் பெரும்பாலான கட்டுரைகளுக்கு பயிற்சி பெற்றவர்களும் நிரல்களும் சேர்ந்து ஒரே சீரான தலைப்புச் சொற்களை இடுகிறார்கள். பதிவேட்டில் அப்படியில்லை. மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ இருக்கும் ஒருவர் படிவத்தை நிரப்புகிறார். அவர் மருந்தின் பொதுப்பெயரை எழுதியிருக்கலாம், கடைப்பெயரை எழுதியிருக்கலாம், சந்தைக்கு வரும் முன் நிறுவனம் வைத்த எண்ணை மட்டும் எழுதியிருக்கலாம். எனவே தேடலை நீளமாக்குவதைவிட எளிமையாக்கி, பெயர்களை மட்டும் விரிப்பது நல்லது. டாமிஃப்ளூ என்ற காய்ச்சல் மருந்தைத் தேடுவதாக வைத்துக்கொண்டால், ClinicalTrials.gov தளத்தில் மருந்துக்கான கட்டத்தில் இவ்வளவு போதும்:

```
oseltamivir OR Tamiflu OR "Ro 64-0796" OR "GS-4104"
```

நோயின் பெயர், வயது, ஒப்பீட்டு மருந்து என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடலை இறுக்கினால், அந்தச் சொல்லை எழுதாமல் விட்ட பதிவுகள் நழுவிப்போகும். முடிவு உள்ளவற்றை மட்டும் காட்டு என்ற வடிகட்டியை ஒருபோதும் போடக் கூடாது. முடிவு வெளிவராத ஆய்வுகளைக் கண்டுபிடிக்கத்தானே இந்தத் தேடலே. அதே சொற்களை ICTRP தளத்திலும் தனியாகத் தேட வேண்டும். அமெரிக்கப் பதிவுகள் அங்கேயும் வந்துசேர்கின்றன என்றாலும், இரண்டு தளங்களின் தேடுபொறிகளும் வெவ்வேறு விதமாக வேலை செய்கின்றன. ஒன்றில் அகப்படாதது மற்றொன்றில் அகப்படுவது வழக்கம். தேடிய நாள், இட்ட சொற்கள், கிடைத்த எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அன்றே குறித்து வைக்க வேண்டும். பதிவுகள் மாறிக்கொண்டே இருப்பதால், பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது.

தேடல் அரை நாள் வேலை. அதன் பிறகு வருவதுதான் வாரக்கணக்கில் இழுக்கும்: எந்தப் பதிவு எந்தக் கட்டுரை என்று பொருத்திப் பார்ப்பது. ஒரே ஆய்வு அமெரிக்காவில் ஓர் எண்ணிலும் ஐரோப்பாவில் ஓர் எண்ணிலும் இந்தியாவில் ஓர் எண்ணிலும் பதிவாகியிருக்கும். பதிவில் உள்ள 'பிற அடையாள எண்கள்' என்ற கட்டத்தைப் பார்த்து அவற்றை முதலில் ஒன்றாக்க வேண்டும். பிறகு, NCT எனத் தொடங்கும் எட்டு இலக்க எண்ணை பப்மெட்டில் `[si]` என்ற குறியோடு தேடினால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு வந்த கட்டுரைகள் கிடைக்கும். பல கட்டுரைகளில் எண் இருக்காது. அப்போது ஊர், ஆண்டு, பங்கேற்றோர் எண்ணிக்கை, மருந்தின் அளவு ஆகியவற்றை ஒப்பிட்டு, கிட்டத்தட்ட துப்பறிவதைப் போலத்தான் சேர்க்க வேண்டும். இதில் அசிரத்தையாக இருந்தால் ஒரே ஆய்வு இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான் என்ற மருந்தில் இது நடந்தது. ஒரே நோயாளிகளின் விவரம் வெவ்வேறு கட்டுரைகளில், ஒன்றையொன்று சுட்டாமல் வந்திருந்தது. அந்த இரட்டிப்புகளையும் சேர்த்துக் கூட்டினால் மருந்தின் பயன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது என்று 1997-இல் மார்ட்டின் டிராமர் குழு கணக்கிட்டது.

பொருத்தி முடித்ததும் கட்டுரைக்கு ஒரு வரி என்றில்லாமல், ஆய்வுக்கு ஒரு வரி என்று அட்டவணை அமைகிறது. ஓர் ஆய்வுக்குக் கட்டுரை இருக்கலாம். கட்டுரை இல்லாமல் பதிவேட்டிலேயே முடிவுகள் ஏற்றப்பட்டிருக்கலாம். அமெரிக்கச் சட்டம் ஒன்று 2007-இல் வந்த பிறகு, அதன் வரம்புக்குள் வரும் ஆய்வுகள் முடிந்து ஓராண்டுக்குள் முடிவுகளை ஏற்ற வேண்டும் என்பதால் இப்படிப்பட்டவை கணிசமாக உண்டு. கட்டுரையில் இடம் பிடிக்காத பக்கவிளைவுகள் அந்த அட்டவணைகளில் எண்ணிக்கையோடு கிடைப்பதால், கட்டுரை இருந்தாலும் அவற்றைப் படித்தாக வேண்டும். இவை இரண்டும் இல்லாத ஆய்வுதான் கவலைக்குரியது.

அது உண்மையிலேயே நடந்ததா என்பதைப் பதிவின் நிலைக்குறிப்பு ஓரளவு சொல்லும். `Completed` என்று இருந்து, முடிந்த தேதி கடந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியும் எங்கும் எதுவும் இல்லையென்றால், முடிவு இருக்கிறது, வெளியே வரவில்லை என்று பொருள். `Withdrawn` என்றால் ஒருவரைக்கூடச் சேர்க்காமலே கைவிட்டார்கள். அதில் காணாமல் போக எதுவுமில்லை. `Terminated` என்றால் பாதியில் நிறுத்தினார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்பதைக் கேட்டே ஆக வேண்டும், ஆள் கிடைக்காமல் நிறுத்துவதும் ஆபத்து தெரிந்து நிறுத்துவதும் ஒன்றாகாது. `Unknown` என்பது, முடிய வேண்டிய நாள் தாண்டியும் இரண்டாண்டுகளுக்கு மேலாக யாரும் பதிவைத் தொடவில்லை என்பதைக் காட்டும் குறி. இந்த வகையில் நடந்து முடிந்தவையும் உண்டு, தொடங்காமலே போனவையும் உண்டு.

முகம் மாறிய ஆய்வுகளைப் பிடிக்கவும் பதிவேடு உதவுகிறது. கற்பனையாக ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூட்டுவலி மருந்து ஒன்றின் கட்டுரை, நான்காவது வாரத்தில் வலி கணிசமாகக் குறைந்தது, அதுவே முதன்மை விளைவு என்கிறது. பதிவேட்டில் முதன்மை விளைவு, பன்னிரண்டாவது வாரத்து வலி என்று இருக்கிறது. அந்தப் பன்னிரண்டாவது வாரத்து எண் கட்டுரையில் எங்குமே இல்லை. படிப்பவர் இங்கேயே நின்றுவிடக் கூடாது. பதிவின் மாற்ற வரலாற்றைத் திறந்து, எந்தத் தேதியில் எது மாறியது என்று பார்க்க வேண்டும். ஆய்வு முடிந்த பிறகு திருத்தப்பட்டிருந்தால், இன்றைய பதிவும் கட்டுரையும் ஒத்துப்போகும். முதல் நாள் எழுதியது மட்டும் வேறாக இருக்கும். பதிவே ஆய்வு முடிந்த பிறகுதான் செய்யப்பட்டது என்றால், அதை முன்கூட்டிய வாக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

பதிவேடுகளுக்கு ஒரு பெரிய எல்லை உண்டு. 2005-க்கு முந்திய ஆய்வுகளில் பெரும்பாலானவை அவற்றில் இல்லை. இன்றும் புழக்கத்தில் இருக்கும் எத்தனையோ மருந்துகளின் அடிப்படை ஆய்வுகள் அந்தக் காலத்தவை. அவற்றைத் தேட வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். அதற்கு நடந்த பெரிய முயற்சிகளில் ஒன்று, மேலே தேடல் சொல்லில் வந்த டாமிஃப்ளூவைப் பற்றியது.

இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்கான இந்த மருந்தை ரோஷ் நிறுவனம் விற்றது. கொள்ளைநோய் வரும் என்ற அச்சத்தில் பல அரசுகள் இதை வாங்கிக் குவித்தன. பிரிட்டன் மட்டும் 42 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டது. வெறும் காய்ச்சலை ஒரு நாள் குறைப்பதற்காக அவ்வளவு பணம் செலவிடவில்லை. நிமோனியா போன்ற சிக்கல்களையும் மருத்துவமனையில் சேர்வதையும் இந்த மருந்து தடுக்கும் என்ற நம்பிக்கையே காரணம். கோக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் சார்பில் டாம் ஜெஃபர்சன் குழு எழுதிய மதிப்பாய்வும் அப்படித்தான் சொல்லியிருந்தது.

2009-இல், பன்றிக்காய்ச்சல் பரவிய நேரத்தில், ஜப்பானியக் குழந்தை மருத்துவர் கெய்ஜி ஹயாஷி அந்தக் குழுவுக்கு ஒரு கேள்வி எழுதினார். சிக்கல்களைத் தடுக்கும் என்ற முடிவு, 2003-இல் வந்த ஒரே ஒரு தொகுப்புக் கட்டுரையைச் சார்ந்திருக்கிறது. அந்தக் கட்டுரை, நெஞ்சுத் தொற்றுகள் 55 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. அது கூட்டியது பத்து ஆய்வுகளை. பத்தும் நிறுவனம் நடத்தியவை. அவற்றில் இரண்டு மட்டுமே முழுமையாக வெளிவந்தவை. மற்ற எட்டை நீங்கள் படித்தீர்களா என்பதுதான் கேள்வி. அவர்கள் படித்திருக்கவில்லை. தொகுப்புக் கட்டுரையை நம்பியிருந்தார்கள். கேட்டவர் சொன்னது சரி என்று ஏற்று, அந்த எட்டு ஆய்வுகளைத் தேடப் புறப்பட்டார்கள் என்பது அந்தக் குழுவுக்குப் பெருமை சேர்ப்பது.

முதலில் கட்டுரையின் ஆசிரியரிடம் கேட்டார்கள். தன்னிடம் கோப்புகள் இல்லை, நிறுவனத்தைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. நிறுவனம், ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் தருவதாகச் சொன்னது. படித்ததை வெளியே சொல்ல முடியாது என்றால் மதிப்பாய்வு எழுதவே முடியாது என்பதால் குழு மறுத்தது. 2009 டிசம்பரில், அந்த எட்டையும் நீக்கிவிட்டு, சிக்கல்களைத் தடுக்கிறதா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று திருத்திய மதிப்பாய்வை வெளியிட்டார்கள். முழு அறிக்கைகளைத் தருவோம் என்று நிறுவனம் அப்போது பகிரங்கமாக அறிவித்தது. வந்து சேர்ந்தவை ஒவ்வோர் அறிக்கையின் முதல் பகுதி மட்டுமே.

இதற்கிடையில் குழு, அதிகாரிகளின் கோப்புகளைப் புரட்டத் தொடங்கியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு மருந்துக்கு அனுமதி தரும்போது தன் மதிப்பீட்டாளர்கள் எழுதிய அறிக்கைகளை இணையத்தில் வைக்கிறது. அவற்றைப் படித்தபோது வியப்பான ஒன்று தெரிந்தது. டாமிஃப்ளூ சிக்கல்களைத் தடுப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்ற வாசகத்தை மருந்தின் அமெரிக்கக் குறிப்புச் சீட்டிலேயே அந்த நிர்வாகம் போட வைத்திருந்தது. யாரும் கேட்காமலே பல ஆண்டுகளாகப் பொதுவெளியில் கிடந்த தகவல் அது. இப்படிப்பட்ட கோப்புகளிலிருந்து ஆய்வு எண்களை ஒவ்வொன்றாகத் திரட்டி, குழு தனக்கென ஒரு பட்டியலை உருவாக்கியது. அப்போதுதான் எம் 76001 என்ற ஆய்வு வெளிச்சத்துக்கு வந்தது. 1,400 பேருக்கு மேல் பங்கேற்ற, சிகிச்சைக்காக நடந்தவற்றிலேயே மிகப் பெரிய ஆய்வு. அது எந்த இதழிலும் வந்திருக்கவில்லை.

ஐரோப்பிய மருந்து முகமை வேறொரு கதவு. அதன் கையில் இருக்கும் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை 2010-இன் இறுதியில் விரிவானது. அதைப் பயன்படுத்திக் குழு 2011-இல் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பெற்றது. எம் 76001-இன் முழு அறிக்கை அங்கேயும் இல்லை, முகமை அதைக் கேட்டு வாங்கியிருக்கவில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழ் இந்தக் கடிதப் போக்குவரத்தை வெளிப்படையாக வெளியிட்டு அழுத்தம் கொடுத்தது. 2013-இல் நிறுவனம் இசைந்தது. முதல் கேள்விக்கும் முழு விடைக்கும் இடையே நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன.

கிடைத்தவை முழு ஆய்வறிக்கைகள் என்று அழைக்கப்படுபவை. ஆய்வை நடத்தும் நிறுவனம் அனுமதி அலுவலகத்துக்காக எழுதும் இந்த அறிக்கையில் ஆய்வுத் திட்டம், அதில் செய்த திருத்தங்கள், கணக்கீட்டுத் திட்டம், வெற்று நோயாளிப் படிவம், பக்கவிளைவு ஒவ்வொன்றின் விவரம் எல்லாம் இருக்கும். இதழில் ஏழெட்டுப் பக்கத்தில் முடிந்த ஆய்வுக்கு அறிக்கை பல நூறு, சில நேரம் பல ஆயிரம் பக்கம். இதனால் என்ன தெரியவந்தது என்பதற்கு நிமோனியா நல்ல எடுத்துக்காட்டு. ஆய்வுகளை மொத்தமாகக் கூட்டினால், டாமிஃப்ளூ எடுத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு நிமோனியா தவிர்க்கப்பட்டது போலத் தெரிகிறது. ஆனால் நோயாளிப் படிவங்களைப் பார்த்தால், பல ஆய்வுகளில் நிமோனியா என்பது நோயாளி சொல்லி, மருத்துவர் குறித்துக்கொண்டது மட்டுமே. எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்ற விதி இல்லை. நிமோனியாவை விரிவாகப் பதிவதற்கெனத் தனிப் படிவம் வைத்திருந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால், அந்தப் பயன் நிலைக்கவில்லை. எந்தக் கட்டுரையைப் படித்தும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

2014 ஏப்ரலில் வந்த மதிப்பாய்வு, அதே வகையைச் சேர்ந்த சனாமிவிர் என்ற மருந்தையும் சேர்த்து 46 ஆய்வுகளை, 24,000-க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களைக் கணக்கில் எடுத்தது. பெரியவர்களிடம் டாமிஃப்ளூ காய்ச்சலின் தொல்லையை 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைத்தது, அதாவது சுமார் 17 மணி நேரம். மருத்துவமனைச் சேர்க்கையில் வேறுபாடு தெரியவில்லை. மறுபக்கம், சிகிச்சைக்காக எடுத்துக்கொண்ட 22 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வாந்தி வந்தது.

இதோடு சர்ச்சை தீர்ந்துவிடவில்லை. ரோஷின் நிதியுதவி பெற்ற வேறொரு குழு, நோயாளி வாரியான விவரங்களை வைத்து 2015-இல் கணக்கிட்டு, இன்ஃப்ளூயன்சா கிருமி உறுதியானவர்களை மட்டும் பார்த்தால் மருத்துவமனைச் சேர்க்கை குறைகிறது என்றது. கிருமி உறுதியானவர்களைப் பிரிக்க ஒரு வழி ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. மருந்தே அந்த எதிர்ப்புப் பொருளைக் குறைக்கக்கூடும் என்பதால், மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் அப்படிப் பிரித்து ஒப்பிடுவது நியாயமாகாது என்பது கோக்ரேன் குழுவின் வாதம். முழு ஆவணம் கைக்கு வந்தால் கருத்து வேறுபாடே இருக்காது என்று எதிர்பார்க்க முடியாது. எதில் வேறுபடுகிறார்கள் என்பதாவது எல்லோருக்கும் தெரிகிறது.

எல்லா மதிப்பாய்வுக்கும் இந்த அளவு உழைப்பு சாத்தியமில்லை. கோக்ரேன் முறைகளின்படி ClinicalTrials.gov, ICTRP ஆகிய இரண்டையும் தேடியே ஆக வேண்டும். அதற்கு மேல், புதிய மருந்து என்றால் அமெரிக்க நிர்வாகத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளைப் படிப்பது செலவில்லாத, பலன் மிகுந்த வேலை. அறுவை சிகிச்சை, உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை போன்றவற்றுக்கு அனுமதி அலுவலகமே இல்லை. அங்கே பதிவேட்டை விட்டால் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் மாநாட்டுச் சுருக்கங்களும்தான். மாநாடுகளில் வாசிக்கப்படும் சுருக்கங்களில் ஐந்தில் இரண்டுக்கும் குறைவானவையே பின்னர் முழுக் கட்டுரையாகின்றன என்று ராபர்ட்டா ஷெரர் குழு 2018-இல் தொகுத்துக் காட்டியது. சாதகமான முடிவு கொண்டவற்றுக்கு அந்த வாய்ப்பு அதிகம். சுருக்கத்தில் இருப்பது இருநூறு முந்நூறு சொற்கள்தான், அதுவும் பல நேரம் இடைக்கால முடிவு. ஆய்வு நடந்தது என்பதற்குச் சாட்சியாக அதை வைத்துக்கொள்ளலாம். எண்களைக் கணக்கில் ஏற்றும் முன் ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டு எழுதும் கடிதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'உங்கள் தரவுகளை அனுப்புங்கள்' என்று பொதுவாக எழுதினால் பதில் வராது. பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, 'பன்னிரண்டாவது வாரத்தில் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர், சராசரி வலி எவ்வளவு' என்று நிரப்பத் தயாராக ஓர் அட்டவணையை இணைத்து அனுப்பினால் பதில் வர வாய்ப்புக் கூடுகிறது. அப்போதும் சிலரே எழுதுவார்கள். இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: நல்ல முடிவு வைத்திருப்பவர் உற்சாகமாக அனுப்புவார், மற்றவர் மௌனமாக இருப்பார். வெளியீட்டுச் சார்பைப் போக்கப் புறப்பட்ட தேடலே புதிதாக ஒரு சார்பைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடும். ஆகவே யாரைக் கேட்டோம், யார் தந்தார்கள், யார் தரவில்லை என்பதை ஆய்வு வாரியாக எழுதி வைப்பது தேடலின் ஒரு பகுதி.

அச்சேறாததைச் சேர்த்தால் மருந்தின் பயன் எப்போதும் குறையும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பெத் ஹார்ட் குழு 2012-இல், ஒன்பது மருந்துகள் பற்றிய 41 தொகுப்புக் கணக்குகளில், அமெரிக்க நிர்வாகத்தின் கோப்பிலிருந்து கிடைத்த வெளிவராத தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. 19 கணக்குகளில் பயன் குறைந்தது, 19-இல் கூடியது, மூன்றில் மாறவில்லை. எந்தப் பக்கம் நகரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், தேடாமலே உத்தேசமாகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளும் குறுக்குவழியும் இல்லை. புனல் வரைபடம் என்ற ஒரு படத்தை வரைந்து, அதன் ஒரு பக்கம் காலியாக இருந்தால் ஆய்வுகள் மறைந்திருக்கலாம் என்று ஊகிப்பதும் உண்டு. பத்து ஆய்வுகளாவது இருந்தால்தான் அதைச் சோதித்துப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. சிறிய ஆய்வுகளின் தரக்குறைவாலும் அதே வடிவம் வரும். பதிவேட்டுத் தேடலோ எந்த ஆய்வு இல்லை, அதில் எத்தனை பேர் பங்கேற்றார்கள் என்று பெயர் சொல்லிக் காட்டிவிடும்.

அந்த எண்ணிக்கைதான் கடைசியில் தீர்ப்பை மாற்றும். கணக்கில் ஏறிய ஆய்வுகளில் 3,000 பேர், முடிந்தும் முடிவு வராதவற்றில் 80 பேர் என்றால், அந்த 80 பேரின் முடிவு எப்படியிருந்தாலும் விடை பெரிதாக அசையாது. கணக்கில் 900 பேர், வராதவற்றில் 1,400 பேர் என்றால், 900 பேரை வைத்துச் சொன்ன விடையை நம்பச் சொல்வது முறையாகாது. முதல் மதிப்பாய்வு, விடுபட்டவற்றை ஓர் அட்டவணையில் எண்ணோடு பட்டியலிட்டுவிட்டு மேலே போகலாம். இரண்டாவது, சான்றின் உறுதியைக் குறிக்கும் தரத்தை ஒரு படி இறக்கி, காரணத்தையும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். அடுத்த முறை மதிப்பாய்வைப் புதுப்பிக்க வருபவர் தேடலைத் தொடங்குவது அந்த அட்டவணையில் உள்ள எண்களிலிருந்துதான்.